கருநீல பேன்ட்டில் பளபளப்பு ஏறாமல் இஸ்திரி போடுவது: சூடு, ஈரத்துணி, அழுத்தம்

மேசையில் இருப்பது ஒரு கருநீல பேன்ட். இடுப்புப் பட்டியின் உள்பக்கச் சீட்டில் 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் விஸ்கோஸ் என்று இருக்கிறது. கடைகளில் டெரி ரேயான் என்று விற்கிறார்களே, அந்த ரகம்தான். துணி கிழியவில்லை, நிறம் போகவில்லை. ஆனால் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் அங்கங்கே கண்ணாடி போல மின்னுகிறது. இந்த ஒரு பேன்ட்டை வைத்தே மற்ற துணிகளுக்கும் போகலாம். பளபளப்பு ஏன் வருகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

முதலில் மினுக்கத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுத் தையலை ஒட்டி இரண்டு பக்கமும் இணையாக இரண்டு கோடுகள் ஓடுகின்றன. அவை உள்ளே விரித்து வைத்த தையல் துணியின் ஓரங்கள் மேலே பதிந்த அச்சு. முன்பாக்கெட்டுக்குக் கீழே அரைவட்டமாக ஒரு கோடு: அது பாக்கெட் பையின் விளிம்பு. ஜிப்பை மூடும் பட்டி முழுவதும் ஒரே தகடாக மின்னுகிறது, அங்கே துணி நான்கு அடுக்கு. இந்த மூன்றும் இஸ்திரிப் பெட்டி செய்த வேலை. உட்காரும் இடத்தில் உள்ள மினுக்கம் வேறு. அதற்கு விளிம்பு கிடையாது, நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் மங்கியும் இருக்கிறது. அது நாற்காலியில் உரசி உரசி இழைநுனிகள் தேய்ந்ததால் வந்தது. கோடாகவோ விளிம்போடோ இருந்தால் இஸ்திரி, விளிம்பில்லாமல் பரவி இருந்தால் உரசல். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இதை முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

மடிப்பும் பளபளப்பும் ஒன்றுதான்

புதுத் துணியின் மேற்பரப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் உருண்டையான நூல்களும், அவற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி இழைகளும் தெரியும். ஒளி அதன்மேல் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. அதனால்தான் துணி மங்கலாக, ஆழமான நிறத்தோடு தெரிகிறது. சூடும் அழுத்தமும் சேர்ந்து அந்த நூல்களைத் தட்டையாக்கிவிட்டால், ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பி வருகிறது. கண்ணுக்கு அது பளபளப்பு. வெள்ளைச் சட்டையிலும் இதே தட்டைத்தன்மை வருகிறது. வெள்ளைத் துணி எப்படியும் நிறைய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வித்தியாசம் நம் கண்ணில் படுவதில்லை. கறுப்பு, கருநீலம், அடர் சாம்பல் நிறங்களில்தான் பிடிபடும்.

பாலியஸ்டர் ஏறத்தாழ 70 முதல் 80 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்குகிறது. (இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.) இளகுவது என்றால் உருகுவது அல்ல. உருக அதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும். இளகிய நிலையில் எந்த வடிவத்தில் அழுத்துகிறோமோ, ஆறும்போது அந்த வடிவத்திலேயே இறுகிக்கொள்ளும். பேன்ட்டின் முன் மடிப்பு நாள் முழுக்கக் கத்தி போல நிற்பதற்குக் காரணம் இதுதான். தையல் ஓரத்தில் நூல் தட்டையாகி அப்படியே நின்றுவிடுவதற்கும் காரணம் இதுதான். ஆக, சூட்டைக் குறைத்துக்கொண்டே போனால் பளபளப்பு வராது, ஆனால் மடிப்பும் நிற்காது. மடிப்பு வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும், மற்ற இடங்களில் சூடும் ஆவியும் மட்டும் போக வேண்டும். செய்முறை முழுவதும் இதை ஒட்டியே அமைகிறது.

அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண மின்சார இஸ்திரிப் பெட்டியின் எடை 1.2 கிலோ, அடித்தகட்டின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மென்மையான விரிப்பின்மேல் தகடு முழுதும் படியும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 6 கிராம். அதே பெட்டியைக் கெட்டியான மரமேசையில் ஒற்றைப் போர்வை விரித்து, 3 மில்லிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தையல் மேட்டின்மேல் வைத்தால் எடை முழுவதும் அந்த மேட்டின்மேல் நிற்கிறது. பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான், அழுத்தம் 200 கிராம். முப்பது மடங்குக்கு மேல். கையால் கொடுக்கும் பாரத்தை இதில் சேர்க்கவே இல்லை. தெருமுனைக் கடையில் ஓடும் கரிப்பெட்டி இதைப்போலப் பல மடங்கு கனம். அதில் கறுப்பு பேன்ட்டை நேராகத் தேய்த்தால் தையல் கோடு பதிவது தவிர்க்க முடியாதது. அங்கே கொடுக்கும்போது "ஈரத்துணி போட்டுத் தேய்ங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் கணக்கிலிருந்து முதல் மாற்றம் மேசையில்தான் வர வேண்டும். ஒரு கம்பளிப் போர்வையை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் வெளுத்த பருத்தித் துணியைப் போட்டால் போதும். தையல் மேடு அந்தக் கம்பளிக்குள் அமுங்கிக்கொள்ளும், தகடு மேட்டையும் சமதளத்தையும் ஒன்றாகத் தொடும். ஸ்பான்ஜ் வேண்டாம். சூட்டில் அது உருகும், ஆவியையும் வெளியே விடாது. வெள்ளி நிறத்தில் வரும் இஸ்திரி மேசை உறைகள் சூட்டைக் கீழிருந்தும் திருப்பி அனுப்புவதால், பாலியஸ்டருக்கு அவற்றின்மேல் இன்னொரு பருத்தித் துணி அவசியம்.

திருகியில் எழுதியிருப்பதும் தகட்டில் இருப்பதும்

உடையின் சீட்டில் இஸ்திரிப் படத்துக்குள் இருக்கும் புள்ளிகளுக்குக் கணக்கு உண்டு. ஒரு புள்ளி என்றால் தகடு 110 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. இவை மேல் எல்லைகள்தாம், "இந்தச் சூட்டில் தேய்" என்ற பரிந்துரை அல்ல. கலப்புத் துணியில் எந்த இழை சூட்டுக்கு மெலிந்ததோ அதன் எல்லைதான் மொத்தத் துணிக்கும் எல்லை. நம் பேன்ட்டில் விஸ்கோஸ் கூடுதல் சூட்டைத் தாங்கக்கூடியது. ஆனால் பாலியஸ்டர் இருப்பதால் 150.

சிக்கல் என்னவென்றால், இஸ்திரிப் பெட்டியின் திருகி ஒரு வாக்குறுதி மட்டுமே. உள்ளே இருப்பது ஈருலோகப் பட்டை. சூடேறினால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். முதல் முறை சூடேறும்போது தகட்டின் சூடு பட்டைக்குப் போய்ச்சேரத் தாமதமாவதால், விளக்கு அணைந்த பிறகும் தகடு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். இந்த வேலைக்கு எடுத்த 750 வாட் பெட்டியில் திருகியை செயற்கை இழைக்கான இடத்தில் வைத்து அளந்தபோது முதல் ஏற்றம் 178 டிகிரியைத் தொட்டது. மூன்று முறை விளக்கு அணைந்து எரிந்த பிறகு 138க்கும் 156க்கும் நடுவே ஊசலாடி நின்றது. முதல் விளக்கு அணைந்ததும் பேன்ட்டில் வைப்பவர் 150 என்று நினைத்துக்கொண்டு 178ஐ வைக்கிறார். "நேத்து ஒண்ணும் ஆகல, இன்னைக்கு மட்டும் பத்திக்கிச்சு" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது. மூன்று சுற்று பொறுத்திருப்பதற்குச் செலவு ஐந்தாறு நிமிடம்தான்.

அளக்க, சூடு அளக்கும் கம்பி உள்ள மல்டிமீட்டர் போதும். கே வகைக் கம்பி அதோடு சேர்ந்தே வரும். பருத்தித் துணியை நான்காக மடித்து, கம்பியின் நுனிக் குமிழை அதன்மேல் வைத்து, பெட்டியைக் குமிழ் தகட்டின் நடுவில் படும்படி வைத்து ஒரு நிமிடம் பொறுத்தால் சரியான அளவு கிடைக்கும். கம்பியின் மேலுறை அந்தச் சூட்டைத் தாங்குமா என்று அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும். நெற்றியில் காட்டும் வகையைச் சேர்ந்த அகச்சிவப்பு மானி மின்னும் உலோகத் தகட்டுக்கு உதவாது. பளபளப்பான உலோகம் தன் சூட்டை அகச்சிவப்பாகக் கொஞ்சமே வெளிவிடுவதால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும், அதை நம்பித் திருகியை ஏற்றினால் துணி போய்விடும்.

மானி இல்லாத வீட்டுக்குத் தோசைக்கல் அறிவே போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் சாய்த்து, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைத் தகட்டில் விட வேண்டும். சொட்டு பரவி, ஓரங்களில் குமிழ்விட்டு, மெல்ல வற்றினால் 110 டிகிரியை ஒட்டி இருக்கிறது. பட்டவுடன் 'சுர்' என்று சீறி மறைந்தால் 150 பக்கம். சீறாமல் முத்தாகத் திரண்டு உருண்டோடி விழுந்தால் 200ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கிறது, அந்தத் தகட்டைப் பாலியஸ்டரிடம் கொண்டுபோகவே கூடாது. தகட்டில் கஞ்சிப் படிவு இருந்தால் சொட்டின் நடத்தை மாறிவிடும் என்பதால் தகடு சுத்தமாக இருக்கும்போதுதான் இந்தச் சோதனை செல்லும்.

ஈரத்துணியின் கணக்கு

பேன்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே போட மிகச் சிறந்த துணி பலமுறை துவைத்த பழைய வேட்டிதான். கஞ்சி முற்றிலும் போயிருக்கும், சாயம் இல்லை, நெருக்கமான நெசவு, அடியில் இருப்பது லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லியது. கரையை வெட்டிவிட்டு 45க்கு 60 சென்டிமீட்டர் துண்டாக எடுத்துக்கொள்ளலாம். கரை தடித்திருப்பதால் அதுவே பேன்ட்டில் கோடு போட்டுவிடும். பூத்துவாலைத் துண்டு வேண்டாம், அதன் சுருள் நூல்கள் புள்ளிப் புள்ளியாகப் பதியும்.

இந்தத் துண்டுக்குச் சுமார் 15 முதல் 20 மில்லி தண்ணீர் போதும், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி. தெளித்து, சுருட்டி, இரண்டு நிமிடம் வைத்தால் ஈரம் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி பரவும். கையில் அழுத்தினால் குளிர்ச்சி தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

ஈரத்துணியின் பயன் மென்மை மட்டும் இல்லை. துணியில் தண்ணீர் மிச்சம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தகடு கொடுக்கும் சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. அதாவது தகடு 150இல் இருந்தாலும் கீழே இருக்கும் பேன்ட்டுக்குப் போவது 100தான். தண்ணீர் தீர்ந்த நொடியிலிருந்து சூடு மளமளவென்று ஏறும். அந்த நொடியைக் காதால் பிடிக்கலாம். பெட்டியை வைத்ததும் 'உஸ்ஸ்' என்று ஆவி கிளம்பும். நாலைந்து விநாடியில் அந்தச் சத்தம் மெலிந்து அடங்கும். அடங்கும்போதே பெட்டியைத் தூக்கிவிட வேண்டும். சத்தம் நின்ற பிறகும் வைத்திருப்பது காய்ந்த துணியால் பேன்ட்டைச் சுடுவது. கடிகாரத்தைவிட இந்தச் சத்தம் நம்பகமானது.

கையின் அசைவும் மாற வேண்டும். சட்டையில் செய்வதுபோல முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. ஒத்தடம் கொடுப்பதுபோல வைத்து, எடுத்து, பாதித் தகடு தள்ளி மறுபடி வைக்க வேண்டும். இழுத்தால் இளகிய நூல்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துவிடும், துணியும் குறுக்குவாட்டில் நீண்டு முழங்கால் பக்கம் பை விழும்.

பேன்ட்டை இஸ்திரி போடும் வரிசை

முதலில் பேன்ட்டை உள்வெளியாகத் திருப்ப வேண்டும். பாக்கெட் பைகளை நேராக நீவிவிட்டுத் தேய்க்கலாம். அவை பருத்தியாக இருந்தால் ஈரத்துணி தேவையில்லை, ஆனால் அவற்றுக்கடியில் பேன்ட் துணி இருக்காதபடி வெளியே இழுத்துவிட்டுத்தான். அடுத்து பக்கவாட்டுத் தையல். விரித்த தையல் துணியின் இரு ஓரங்களுக்கும் பேன்ட்டுக்கும் நடுவே, 4 சென்டிமீட்டர் அகலமான பிரவுன் பேப்பர் பட்டைகளைச் செருக வேண்டும். தையல்காரர்கள் கோட்டுக்குச் செய்வது இதுதான். பேப்பர் ஓரத்தின் அச்சைத் தாங்கிக்கொள்ளும், மேல்பக்கத்தில் அந்த இரட்டைக் கோடு விழாது. பட்டைகளை நகர்த்தி நகர்த்தி ஒரு கால் முடிக்க ஏழெட்டு ஒத்தடம் ஆகும். செய்தித்தாள் எடுக்கக் கூடாது, அச்சு மை ஆவியில் கசியும்.

பிறகு நேராகத் திருப்பி, கால் உள்தையலும் வெளித்தையலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருந்தும்படி காலை மேசையில் கிடத்த வேண்டும். பொருந்தினால் முன் மடிப்பு தானே சரியான இடத்துக்கு வந்துவிடும். பழைய மடிப்பு இருந்தால் அதையே பிடிக்க வேண்டும். பாலியஸ்டரில் பழைய மடிப்பு எளிதில் போகாது, பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டால் இரட்டை ரயில்பாதை ஆகிவிடும். ஈரத்துணியை விரித்து, முழங்காலில் தொடங்கிக் கீழ்நோக்கியும், பிறகு மேல்நோக்கியும் ஒத்தடம். மடிப்பு விளிம்பில் மட்டும் கொஞ்சம் கையழுத்தம் சேர்க்கலாம், காலின் நடுப்பகுதியில் பெட்டியின் சொந்த எடையே அதிகம்.

பெட்டியை எடுத்ததும் ஈரத்துணியை விலக்கிவிட்டு, மடிப்பின்மேல் இழைத்து வழவழப்பாக்கிய ஒரு கட்டையை வைத்து 20 விநாடி அழுத்த வேண்டும். பூச்சு இல்லாத வேம்பு, தேக்கு எதுவும் சரி, பூரிக்கட்டைப் பலகையின் பின்பக்கம்கூடப் போதும். மரம் ஆவியை உறிஞ்சிக்கொண்டு சூட்டையும் இறக்குகிறது. பாலியஸ்டர் இளகும் எல்லைக்குக் கீழே அழுத்தத்தோடு இறங்குவதால் மடிப்பு கூர்மையாக நிற்கும், சூட்டை ஏற்றிப் பெற முயல்வதைவிட நன்றாகவே. கட்டை மரமாக இருப்பது முக்கியம். எஃகுத் தட்டு ஆவியை உறிஞ்சாது, அடியில் நீர் கோத்து ஈரப் புள்ளி விடும்.

ஒரு கால் ஆறாமல் மறுகாலுக்குத் திருப்பினால் செய்த வேலை கலைந்துவிடும். கையால் தொட்டுச் சூடு தெரியாதவரை நகர்த்தாமல் இருப்பதே விதி. ஜிப் பட்டியும் இடுப்புப் பட்டியும் கடைசி. அங்கே நான்கு அடுக்குத் துணி மேடாக இருப்பதால், கீழே மடித்த துவாலையை வைத்து, மேலிருந்து ஆவி மட்டும் போகும் அளவுக்குப் பெட்டியை ஈரத்துணியின்மேல் தொட்டும் தொடாமலும் பிடித்தால் போதும்.

ஏறிவிட்ட பளபளப்பை இறக்க

இந்தப் பேன்ட்டில் முன்பே இருந்த கோடுகளுக்கு: ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர். வேட்டித் துண்டை இதில் நனைத்து, வழக்கத்தைவிட ஈரமாக, பிழிந்தால் இரண்டு சொட்டு வரும் அளவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வினிகர் சோப்புப் படிவைக் கரைக்கிறது, நூலை நிமிர்த்துவது ஆவிதான். தகட்டை 150இல் நிறுத்தி, பளபளக்கும் இடத்தின்மேல் துணியை விரித்து, பெட்டியை அழுத்தாமல் நாலு விநாடி தொட்டு எடுக்க வேண்டும். துணியைச் சட்டென விலக்கி, ஆவி இன்னும் எழும்பிக்கொண்டிருக்கும்போதே மென்மையான துணித்தூரிகையால் நெசவுக்கு எதிர்த்திசையில் பத்துப் பன்னிரண்டு முறை வருட வேண்டும். ஆறவிட்டு, ஜன்னல் ஒளியில் சாய்த்துப் பார்த்து, தேவையென்றால் இன்னொரு சுற்று.

இரண்டு சுற்றுக்குப் பிறகு கிடைத்தது இது. பாக்கெட்டின் அரைவட்டக் கோடு தேடினால்தான் தெரிகிறது. தையலோர இரட்டைக் கோடு பாதியாக மங்கியது, மூன்றாம் சுற்றில் மேலும் மங்கவில்லை. ஜிப் பட்டியில் மாற்றம் மிகக் குறைவு. உட்காரும் இடத்தில் தூரிகை பட்ட உடனே நன்றாகத் தெரிந்து, காய்ந்த பிறகு மறுபடி மின்னியது.

வித்தியாசத்துக்குக் காரணம் எந்தச் சூட்டில் பதிந்தது என்பதுதான். 100 டிகிரி ஆவி பாலியஸ்டரை இளக்குகிறது, ஆனால் 170 டிகிரித் தகட்டில் நேராக நசுங்கிய இழையை முழுவதும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர அது போதாது. ஏறிய சூட்டைவிடக் குறைந்த சூட்டில் இறக்கப் பார்க்கிறோம். அந்தச் சூட்டைத் திரும்பக் கொடுத்தால் இன்னும் நசுங்கும். அதனால் இரண்டு சுற்றில் போகாத கோடு போகாது என்று விட்டுவிடுவதே சரி. உட்காரும் இடத்தில் இழைநுனிகளே உரசிப் போய்விட்டன, நிமிர்த்த அங்கே எதுவும் மிச்சமில்லை.

கம்பளித் துணியில் கதை வேறு, நல்லதாகவே வேறு. கம்பளி இழையின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகள் ஈரத்திலும் சூட்டிலும் தளர்ந்து, காயும்போது புதிதாக இறுகுகின்றன. அதனால் இதே வினிகர்த் துணியும் தூரிகையும் கம்பளிக் கோட்டில் இஸ்திரிப் பளபளப்பை ஏறக்குறைய முழுதும் எடுத்துவிடும். அங்கே கவனிக்க வேண்டியது காயவைக்கும் விதம். கம்பளியைப் பெட்டியாலேயே முழுதாகக் காயவைத்தால் சொரசொரப்பாகும், வெளிர் நிறங்களில் மஞ்சள் தட்டும். லேசான ஈரத்தோடு விட்டு, அகலத் தோளுள்ள ஹேங்கரில் மாட்டித் தானாகக் காயவிட வேண்டும். முடி கருகிய வாடை மூக்கில் பட்டால் அப்போதே எல்லை தாண்டிவிட்டது.

சீட்டு கிழிந்துபோன துணியில் என்ன இழை என்று தெரிய, கால் மடிப்பின் உள்ளிருந்து நாலைந்து நூல் பிரித்து, இடுக்கியில் பிடித்துத் தட்டின்மேல் கொளுத்திப் பார்க்கலாம். சுருங்கி உருகிக் கெட்டி மணியாக நின்றால் செயற்கை இழை. காகிதம் எரிந்த வாடையும் உதிரும் சாம்பலும் பருத்தி, விஸ்கோஸ். முடி வாடை கம்பளி அல்லது பட்டு. மணியும் காகித வாடையும் சேர்ந்து வந்தால் கலப்பு, 150க்கு மேல் வேண்டாம்.

கருகல்

பருத்திச் சட்டையும் வேட்டியும் 200 டிகிரி தாங்கும், பளபளப்பும் அடர் நிறத்தில்தான் தெரியும். அதற்கு உள்பக்கமாகத் தேய்த்தால் போதும். அங்கே வரும் சிக்கல் கருகல். வேட்டியிலும் கஞ்சி போட்ட சட்டையிலும் வரும் பழுப்புத் தடத்தில் பல நேரம் துணி கருகியிருக்காது, கஞ்சிதான் கருகியிருக்கும். சரியாக அலசாத சோப்பும் அப்படித்தான். குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கசக்கினால் தடம் வெளுக்குமானால் அது படிவு. வெளுக்கவில்லையென்றால் விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். நூல் பொடியாக உதிர்ந்தால் இழை செத்துவிட்டது, இனி ஒட்டுப்போடுவதுதான் வழி. உதிராமல் மஞ்சளாக மட்டும் நின்றால் வெள்ளைப் பருத்தியில் அதை எடுக்கலாம்.

அதற்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. பொதுவாகக் கிடைப்பது 6 சதவீதம், அதில் சம அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். தடத்தின்மேல் நனைத்த பஞ்சை வைத்து, காயவிடாமல் அரைமணி நேரம் வெயிலில் வைத்து, நன்றாக அலச வேண்டும். முழுதும் அலசாமல் மறுபடி இஸ்திரி போட்டால் அதே இடம் இன்னும் மஞ்சளாகும். நிறத் துணிக்கு இது கூடாது, மஞ்சள் போன இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

கஞ்சித் துணிக்குத் தகடு சுத்தமாக இருப்பது துணியின் சூட்டெல்லையைப் போலவே முக்கியம். தகட்டில் ஒட்டிய கஞ்சி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கருகி, ஒரு நாள் கறுப்புச் செதிலாகப் பெயர்ந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டும். பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போது ஈரத்துணியில் சோடா உப்பைத் தொட்டு உலோகத் தகட்டைத் துடைத்தால் போய்விடும். ஒட்டாத பூச்சுள்ள தகட்டுக்கு வெறும் ஈரத்துணி. உருகிய பாலியஸ்டர் ஒட்டியிருந்தால் சுரண்டக் கூடாது. இளஞ்சூடாக்கி, மரக்கரண்டியின் ஓரத்தால் தள்ளி எடுக்க வேண்டும்.

பட்டு

பட்டுப் புடவைக்கு ஒரு புள்ளிக்கு மேல் போக வேண்டாம், அதாவது 110. தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், சொட்டு விழுந்த இடம் வட்டமாகக் கறை நிற்கும். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, புடவையின் பின்பக்கத்திலிருந்து ஒத்தடம் கொடுப்பது நல்லது. கரைதான் ஆபத்தான இடம். ஜரிகை வெள்ளி உலோகமாக இருந்தால் சூட்டைத் தாங்கும், ஆனால் உலோகம் சூட்டைப் பிடித்து வைத்துப் பக்கத்திலுள்ள பட்டுத் துணியை மஞ்சளாக்கும். மலிவான ஜரிகை உலோகம் பூசிய பாலியஸ்டர் தாள். அது சூட்டில் சுருங்கும், கரை முழுவதும் நெளிந்து பிறகு நேராகாது. எந்த வகை என்று தெரியாவிட்டால் முந்தானையின் உள்மடிப்பில் இரண்டு சென்டிமீட்டர் இடத்தில், துணி போட்டு இரண்டே விநாடி வைத்து, ஆறவிட்டு, ஒளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அங்கே நெளிவு தெரிந்தால் கரையைத் தொடாமல் விட்டு, உடலை மட்டும் தேய்த்து, கரையைக் கையால் நீவி மடிக்கலாம்.